ஃபோன்ல வர்ற ஹியரிங் டெஸ்ட் நம்ம காதை அளக்குதா, இல்ல இயர்பட்ஸை அளக்குதா?

தூரத்து_இடி

புதுசா வாங்கின இயர்பட்ஸோட ஆப்ல "உங்க காதுக்கேத்த சவுண்ட்"னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, சரி என்னதான்னு பாப்போம்னு போட்டேன். பீப் பீப்னு சின்னச் சின்ன சத்தமா வரும், கேட்டா ஸ்கிரீனைத் தொடணும், ஒரு காது முடிஞ்சதும் அடுத்த காது. கடைசில ஒரு கிராஃப் காட்டுச்சு. அப்படியே போடறேன், முதல் நம்பர் ஹெர்ட்ஸ், அடுத்தது டெசிபெல்னு போட்டிருக்கு, டெசிபெல் கூடக் கூடக் கோடு கீழ இறங்குது.

இடது: 250ல 40, 500ல 30, 1000ல 15, 2000ல 10, 4000ல 15, 8000ல 20
வலது: 250ல 15, 500ல 10, 1000ல 10, 2000ல 10, 4000ல 20, 8000ல 15

கீழ பச்சைக் கலர்ல "நார்மல்"னு வேற சொல்லுது. ஆனா இடது பக்கக் கோடு ஆரம்பத்துலயே பள்ளத்துல கிடக்கே? இன்னொரு விஷயம், இது செஞ்ச ப்ரொஃபைலை ஆன் பண்ணா பாட்டு செம்மயா இருக்கு, பேஸ் அதிருது, ஆஃப் பண்ணா ஒல்லியா சப்புன்னு ஆயிடுது. அப்போ என் இடது காது நிஜமாவே வீக்கா? ஃபோன் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சதில்ல.

பேஸ்_பாண்டி

ப்ரோ டென்ஷனே ஆகாதீங்க. இது வெறும் ஈக்யூ, பேஸ் ட்ரெபிள்னு தனித்தனியா ஏத்தி இறக்கறது, அதுக்கு மேல டாக்டர் கோட்டு மாட்டி விட்டிருக்காங்க. பீப் கேக்கலன்னா அந்த இடத்துல ஏத்தி விடும், கேட்டா விட்டுடும். பத்து பேண்ட் ஈக்யூ கையில இருந்தா நானே பத்து நிமிஷத்துல இதைவிட நல்லா போட்டுத் தருவேன். ஆன் பண்ணதும் நல்லா இருக்கறதுக்குக் காரணம் சத்தம் கூடுறது, அவ்ளோதான். கடையில ஒரு ஸ்பீக்கரை விக்கணும்னா கொஞ்சம் சத்தமா வச்சுக் காட்டுவான்ல, அதே ட்ரிக்.

ராகமாலிகா

நானும் இதைப் பண்ணேன்பா, ஐஃபோன்ல. கேமராவுக்கு முன்னாடி தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுச்சு, ரெண்டு காதையும் ஸ்கேன் பண்ணிக்கிச்சு. எனக்கு பீப் எல்லாம் வரவே இல்ல, ஆனா முடிஞ்சப்புறம் சரவுண்ட் நல்லா வருது. உங்களுக்கு வந்த மாதிரி இடது வலது நம்பர் எங்க பாக்கறது? காது எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லவே இல்லையே.

நள்ளிரவு_கம்பைலர்

ராகமாலிகா, அது வேற இது வேற. நீங்க பண்ணது பெர்சனலைஸ்டு ஸ்பேஷியல் ஆடியோ, ஐஓஎஸ் 16ல வந்தது. அது உங்க காது மடலோட வடிவத்தைப் படம் எடுக்குது. சத்தம் எந்தத் திசையில இருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்க மடலோட மேடு பள்ளம் உதவும், அதை வச்சு சரவுண்ட் எஃபெக்டை உங்களுக்கேத்த மாதிரி திருத்துது. உங்களுக்கு எவ்ளோ கேக்குதுன்னு அதுக்கு ஒரு துளி கூடத் தெரியாது. காதே கேக்காத ஆளும் அந்த ஸ்கேனை முடிச்சுட்டு வரலாம்.

சாம்சங்ல அடாப்ட் சவுண்ட்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல டெஸ்ட் எடுக்காமலே 30 வயசுக்குக் கீழ, 30லருந்து 60, 60க்கு மேலன்னு ரெடிமேடா மூணு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா அளவுங்கற பேச்சே இல்ல, உங்க வயசுக்காரங்களுக்குப் பொதுவா எது குறையும்னு ஒரு ஊகம் மட்டும்தான். எல்லாத்துக்கும் பெர்சனல்னு ஒரே பேரை வச்சுடறாங்க, அதான் குழப்பம்.

செவிவழிச்செய்தி

நான் ஆடியாலஜிஸ்ட், தினமும் இதே கிராஃபைத்தான் பாத்துட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தூரத்து இடி, உங்க நம்பரைப் பாத்ததும் எனக்குக் காது மேல சந்தேகம் வரல, இடது பட்ஸ் மேலதான் வந்துச்சு. வயசாலயோ சத்தத்தாலயோ காது குறைஞ்சா பொதுவா கோடு வலது ஓரத்துல, அதாவது 4000, 8000 பக்கம் இறங்கும். உங்களுக்கு அங்க சரியா இருக்கு, 250லயும் 500லயும் மட்டும், அதுவும் ஒரே காதுல இறங்கியிருக்கு. இயர்பட்ஸ் வச்சு எடுத்த டெஸ்ட்ல இப்படி வந்தா நான் முதல்ல சந்தேகப்படறது சிலிகான் டிப் சரியா அடைக்கலங்கறதைத்தான். சின்ன ஸ்பீக்கரால தாழ்ந்த சத்தத்தைக் காதுக்குள்ள கொடுக்கணும்னா காதுக்குழாய் மூடி இருக்கணும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் அந்தக் காத்தழுத்தம் வெளிய போயிடும், 250ல 20, 25 டெசிபெல் காணாமப் போறது சர்வசாதாரணம். மேல் சத்தத்துக்கு அந்த ஓட்டையால பெரிய நஷ்டம் கிடையாது. இன்னொரு கொடுமை, அதே ஓட்டை வழியா ரூம் இரைச்சல் உள்ள வரும், ஃபேன் ஏசி சத்தமெல்லாம் தாழ்ந்த பக்கம்தான் அதிகம், அது பீப்பை மூழ்கடிச்சுடும். ரூம் மட்டும் சத்தமா இருந்திருந்தா ரெண்டு காதுலயும் இறங்கியிருக்கணும். உங்களுக்கு ஒண்ணுல மட்டும்.

இப்போ ப்ரொஃபைல் ஏன் செம்மயா இருக்குன்னு புரியுதா? ஓட்டை வழியா ஒழுகின பேஸை அது இடது பக்கம் மட்டும் ஊத்தி நிரப்பியிருக்கு. ஆப் உங்க காதுக்கு மருந்து கொடுத்ததா நெனச்சுக்குது, கொடுத்தது டிப்புக்கு.

இதுல "டெசிபெல்"னு போட்டிருக்கறதையும் கொஞ்சம் சொல்லணும். இந்தக் கிராஃபுக்கு ஆடியோகிராம்னு பேரு, அதுல 0ன்னா சத்தமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. காது நல்லா கேக்கற இளவயசுக்காரங்களுக்கு சராசரியா எங்க கேக்க ஆரம்பிக்குதோ அதை 0ன்னு வச்சிருக்காங்க, அது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் வேற வேற. எங்க கிளினிக்ல ரொம்ப காலமா இருக்கற ஸ்டாண்டர்டு ஹெட்போன்ல 1000ல அந்த 0 வர சுமார் 7 டெசிபெல் அழுத்தம் போதும், 250ல சுமார் 25 வேணும். ஆப்புக்கு இந்தக் கணக்கு போடணும்னா உங்க பட்ஸ் உங்க காதுக்குள்ள எவ்ளோ அழுத்தம் தருதுன்னு தெரிஞ்சிருக்கணும். சொந்த இயர்பட்ஸுக்குன்னு பண்ண டெஸ்ட்னா லேப்ல அளந்து வச்சிருப்பாங்க, ஆனா நல்லா அடைச்சு மாட்டியிருக்கீங்கன்னு நம்பித்தான் அந்தக் கணக்கு. எந்த இயர்போனை வேணா மாட்டிக்கோன்னு விடற ஆப்ல அந்த டெசிபெல்லுக்கு அடித்தளமே இல்ல.

செய்ய வேண்டியது: ப்ரொஃபைலை ஆஃப் பண்ணுங்க, ஒரு சைஸ் பெரிய டிப் போடுங்க, காதை மேலயும் பின்னாலயும் லேசா இழுத்துட்டு பட்ஸை உள்ள வச்சுத் திருப்புங்க, நாய்ஸ் கேன்சல் ஆன்ல வச்சு அமைதியான நேரத்துல திரும்ப எடுங்க.

அதுக்கு முன்னாடி பட்ஸ் எதுவும் இல்லாம "ம்ம்ம்"னு மெதுவா முனகிப் பாருங்க. சத்தம் தலைக்கு நடுவுல கேக்குதா, ஒரு பக்கமா சாயுதான்னு சொல்லுங்க.

பேஸ்_பாண்டி

அக்கா நீங்க சொல்றது ஓகே, ஆனா நான் சொன்னதும் அதுதானே? கடைசில ஈக்யூதானே போடுது?

தூரத்து_இடி

அக்கா ரொம்ப நன்றி. முனகிப் பாத்தேன், வீட்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. நடுவுலதான் கேக்குது, எந்தப் பக்கமும் சாயல. இது எதுக்கு? டிப் பெருசு இன்னிக்கு நைட்டு மாத்திப் பாக்கறேன்.

செவிவழிச்செய்தி

காதுல அழுக்கு அடைச்சிருந்தாலோ செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டியிருந்தாலோ வெளிச் சத்தம் குறையும், அப்பவும் தாழ்ந்த பக்கம் குறையலாம், உங்க கிராஃப் மாதிரியே வரலாம். ஆனா அப்படி இருந்தா உங்க சொந்த முனகல் எலும்பு வழியா போறதால அடைச்ச காதுப் பக்கமே பெருசாக் கேக்கும். நடுவுல கேட்டா அந்தச் சந்தேகம் குறையுது, தீர்ந்துடுச்சுன்னு சொல்லல.

கிளினிக்ல காதுக்குப் பின்னால எலும்புல ஒரு வைப்ரேட்டர் வச்சுத் தனியா ஒரு டெஸ்ட் எடுப்போம். இயர்போன்ல குறைஞ்சு எலும்புல நல்லா கேட்டா பிரச்சனை வெளிக்காதுலயோ நடுக்காதுலயோ, ரெண்டுலயும் குறைஞ்சா உள்காதுல. ஃபோனுக்கு இந்தப் பாதியே கிடையாது. எவ்ளோ கேக்கலன்னு சொல்லும், எங்க மாட்டிக்கிச்சுன்னு சொல்லாது. அழுக்கை எடுத்தா சரியாப் போற ஆளுக்கும் அது சந்தோஷமா ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்துடும்.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும்: நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஒரு காது திடீர்னு இன்னிக்கு மந்தமாச்சுன்னா டிப் மாத்தி விளையாடிட்டு இருக்காதீங்க, ஓரிரு நாள்லயே இஎன்டி கிட்ட போங்க. அதுக்கு ஸ்டீராய்டு கொடுக்கறது சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன், தள்ளிப் போட்டா வாய்ப்பு குறையும்.

பாண்டி, உங்க கேள்விக்கு அப்புறம் வர்றேன், அது பெரிய சண்டை.

ரிட்டயர்டு_ராமு

அம்மா, என் வயது 68. பையன் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 வாங்கிக் கொடுத்து ஐந்து நிமிஷ டெஸ்ட் ஒன்றை எடுக்க வைத்தான். இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி: 500ல் 10, 1000ல் 15, 2000ல் 20, 4000ல் 45, 8000ல் 60. பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை என்ற ரகத்தில்தான் போட்டது. பையனும் "பாருப்பா, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் கவனிக்கறதில்ல" என்கிறான். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்குச் சத்தம் கேட்கிறதே தவிர வார்த்தை பிடிபடுவதில்லை. டெஸ்ட் தப்பா, நான் தப்பா?

நள்ளிரவு_கம்பைலர்

சார், 10, 15, 20, 45 நாலையும் கூட்டி நாலால வகுங்க. 22.5 வருது. பெரும்பாலான இடத்துல 500, 1000, 2000, 4000 இந்த நாலோட சராசரியை எடுத்துத்தான் அந்த ஒத்த வார்த்தையைச் சொல்றாங்க, 25 வரைக்கும் நல்லாருக்குன்னு கணக்கு. 8000 அதுல சேரவே இல்ல. மேல தூரத்து இடியோட இடது காதுக்கும் 17.5தான் வருது, அதான் அவ்ளோ பள்ளம் இருந்தும் பச்சை. அந்த நம்பரை விடுங்க, கோட்டைப் பாருங்க.

செவிவழிச்செய்தி

கம்பைலர் சரியாச் சொல்லிட்டார். ராமு சார், உங்க பையன்கிட்ட கிராஃபோட வலது பாதியைக் காட்டுங்க. 4000ல 45ங்கறது சும்மா விடற விஷயமில்ல. பேச்சுல உயிரெழுத்தோட சத்தமெல்லாம் கீழ 1000க்குள்ள பெரும்பாலும் இருக்கும், அது உங்களுக்கு நல்லா கேக்குது, அதனாலதான் "சத்தம் கேக்குது". வார்த்தையைப் பிரிச்சுக் காட்டற ஸ், ச, ட, க மாதிரி ஒலிகளோட நுணுக்கம் 2000க்கு மேலதான் நிறைய, அதுவும் மெலிசா. அது விழலன்னா யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. நீங்க சொன்னது அச்சு அசலா இதேதான்.

டெஸ்ட் தப்பில்ல. அந்த பட்ஸ்ல செவித்திறன் டெஸ்ட் ஓரளவு நம்பகமானதுதான், பட்ஸும் ஃபோனும் ஒரே கம்பெனிங்கறதால என்ன வெளிய வருதுன்னு அவங்களுக்குத் தெரியும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரூம் இரைச்சலையும் டிப் அடைப்பையும் அதுவே பாத்துக்கும். அதோட கூட வர்ற ஹியரிங் எய்டு வசதிக்கு 2024 செப்டம்பர்ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு, 18 வயசுக்கு மேல, லேசுலருந்து மிதமான குறைபாடு இருக்கறவங்களுக்குன்னு. ஆனா டெஸ்ட் அளக்கறது ஒண்ணே ஒண்ணைத்தான்: அமைதில, ஒத்த டோன், எவ்ளோ மெலிசா இருந்தா கேக்க ஆரம்பிக்குது. இரைச்சலுக்கு நடுவுல வார்த்தையைப் பிடிக்கற திறமை வேற. ரெண்டு பேருக்கு ஒரே கிராஃப் இருக்கும், ஒருத்தர் கூட்டத்துல சரளமாப் பேசுவார், இன்னொருத்தர் தலையாட்டிட்டே இருப்பார். அதுக்கு இரைச்சலோட வாக்கியம் போட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்ற தனி டெஸ்ட் இருக்கு. நீங்க கிளினிக் போங்க சார், இந்தக் கிராஃபை ஹெல்த் ஆப்லருந்து எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு உபயோகமாத்தான் இருக்கும்.

பேஸ்_பாண்டி

சார் விஷயம் சீரியஸ், ஒத்துக்கறேன். ஆனா லாஜிக் அதேதானே அக்கா, 4000ல 45 கம்மின்னா 4000ல ஏத்தி விடு. ஈக்யூ.

செவிவழிச்செய்தி

எவ்ளோ ஏத்துவீங்க பாண்டி?

பேஸ்_பாண்டி

எவ்ளோ குறையுதோ அவ்ளோ. 45.

செவிவழிச்செய்தி

அங்கதான் வழுக்குது. உள்காது குறைஞ்ச ஆளுக்கு மெலிசான சத்தம் கேக்காது, ஆனா பெரிய சத்தம் நமக்கு எவ்ளோ பெருசோ கிட்டத்தட்ட அவ்ளோ பெருசாவேதான் கேக்கும். கீழ் வாசல் மேல ஏறிடுச்சு, மேல் கூரை அப்படியேதான் இருக்கு, நடுவுல இடம் குறுகிடுச்சு. இப்போ நீங்க 4000ல 45 ஏத்தினா மெலிசான "ஸ்" நல்லா கேக்கும், சரி. அதே நிமிஷம் ஒரு எவர்சில்வர் தட்டு கீழ விழுந்து 85ல ஒரு சத்தம் வந்தா அது 130 ஆகும். பட்ஸால அவ்ளோ கொடுக்க முடியாதுங்கறது வேற விஷயம், ராமு சார் பட்ஸைக் கழட்டி வீசிடுவார்.

அதனால பழைய காலத்துலருந்தே குறையறதுல சுமார் பாதியை ஏத்துங்கறது ஒரு ஆரம்பக் கணக்கு, 45க்கு 22 மாதிரி. இப்போ அதுக்கும் மேல போயி, மெலிசான சத்தத்துக்கு நிறைய, நடுத்தரத்துக்குக் கொஞ்சம், பெரிய சத்தத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லைன்னு ஒவ்வொரு பேண்டுலயும் சத்தத்தைப் பாத்துப் பாத்து மாத்தும். இதுதான் கம்ப்ரெஷன். ஈக்யூ ஸ்லைடருக்கு எப்போ தட்டு விழுந்துச்சுன்னு தெரியாது.

ஆனா உங்களுக்குப் பாதி மார்க் தர்றேன். காது நல்லா கேக்கற ஆளுக்கு, 10, 15னு வர்ற ஆளுக்கு, நல்லா பண்ண ப்ரொஃபைல் ரெண்டு மூணு டெசிபெல் அங்கங்க அசைக்கும், அதுக்கும் ஈக்யூவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சில ஆப் நிஜமாவே ஈக்யூ மட்டும்தான் போடும்னும் நினைக்கறேன். சத்தம் கூடினதால நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அதுவும் சரி. ஒப்பிட்டுப் பாக்கணும்னா ப்ரொஃபைல் ஆன்ல வச்சு பாடகர் குரல் ஆஃப்ல இருந்த அதே சத்தத்துக்கு வர்ற வரைக்கும் வால்யூமைக் குறைச்சுட்டு அப்புறம் கேளுங்க. பாதிப் பேருக்கு அந்த மேஜிக் அப்பவே போயிடும்.

பேஸ்_பாண்டி

தட்டு உதாரணத்துக்கு மரியாதை. ஆனா மியூசிக்குக்கு கம்ப்ரெஷன் போட்டா டைனமிக்ஸ் செத்துடும், அதுல மாற மாட்டேன். காது நார்மலா இருக்கறவன் இதை ஆன்ல வைக்கக் கூடாது.

ஒத்தக்காது

என் கேஸ் கொஞ்சம் வேற. சின்ன வயசுல காய்ச்சல்ல வலது காது சுத்தமாப் போச்சு, டாக்டரே எழுதிக் கொடுத்தது, ஒண்ணும் கேக்காது. போன மாசம் ஓவர்-இயர் ஹெட்போன் வச்சு ஒரு ஆப்ல டெஸ்ட் எடுத்தா வலது காதுக்கு 50, 55ன்னு மிதமான குறைபாடுன்னு போடுது! ஒரு நிமிஷம் காது திரும்பிடுச்சான்னு ஆசையே வந்துடுச்சு. நான் ஏமாத்தல, சத்தம் நிஜமாவே கேட்டுச்சு.

செவிவழிச்செய்தி

கேட்டிருக்கும், ஆனா இடது காதுல. வலது ஹெட்போன்ல சத்தத்தை ஏத்திட்டே போனா ஒரு அளவுக்கு மேல அது மண்டையோட்டு வழியா அந்தப் பக்கம் தாண்டிடும். காது மேல உக்கார்ற ஹெட்போன்ல 40 டெசிபெல் வித்தியாசத்துலயே தாண்ட ஆரம்பிக்கலாம், காதுக்குள்ள போற டிப்ல இன்னும் கொஞ்சம் தாங்கும். உங்க நல்ல காது 5, 10ல கேட்டா எதிர்ப்பக்கம் 50ல "கேக்குது"ன்னு வந்துடும். கிளினிக்ல இதுக்குத்தான் நல்ல காதுல ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சலைப் போட்டு அதை பிஸியா வச்சுட்டு மத்த காதை டெஸ்ட் பண்ணுவோம். ஃபோன் டெஸ்ட் அதைப் பண்ணி நான் பாத்ததில்ல. உங்களுக்கு அந்த ப்ரொஃபைல் வேண்டாங்க, வலதுக்கு சும்மா சத்தத்தைக் கொட்டும். செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோ ஆன் பண்ணி பேலன்ஸை முழுசா இடது பக்கம் தள்ளுங்க, பாட்டுல வலது பக்க வாத்தியமும் உங்களுக்கு வந்துடும்.

ஒத்தக்காது

மோனோ ஏற்கெனவே வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுது மேடம். நன்றி, மனசு தெளிஞ்சுச்சு.

தூரத்து_இடி

அப்டேட். டிப் பெருசு போட்டேன், எல்லாரும் தூங்கினப்புறம் எடுத்தேன், நாய்ஸ் கேன்சல் ஆன்.

இடது: 15, 15, 10, 10, 15, 15
வலது: 15, 10, 10, 10, 25, 10

அக்கா சொன்ன மாதிரியே இடது 250, 40லருந்து 15க்கு வந்துடுச்சு! தெரியாம பழைய ப்ரொஃபைலை ஒரு தடவை ஆன் பண்ணிட்டேன், இடது பக்கம் மட்டும் குடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி ஒரே குமுறல். புது ப்ரொஃபைலை ஆன் ஆஃப் பண்ணா ஒரு வித்தியாசமும் பெருசாத் தெரியல, பேஸ் ப்ரொஃபைல் இல்லாமலே வந்துடுச்சு.

ஆனா இப்போ வலது 4000 உறுத்துது. முன்னாடி 20, இப்போ 25. ஏறுதா?

நள்ளிரவு_கம்பைலர்

ஒரு சின்ன சந்தேகம். உங்க பட்ஸ்ல பீப் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி லேசா "ஸ்ஸ்"னு ஒரு இரைச்சல் ஆரம்பிக்குதா? நிறைய ப்ளூடூத் பட்ஸ் சத்தமில்லாதப்போ ஆம்ப்ளிஃபையரைத் தூங்க விட்டுடும், டோன் வரும்போது எழுப்பும், அந்த எழுப்பற இரைச்சலைக் கேட்டே நாம தொட்டுடுவோம், டோன் கேட்டதா ஆப் குறிச்சுக்கும். அப்படின்னா எல்லா நம்பரும் நிஜத்தைவிட நல்லாக் காட்டும். இன்னொண்ணு, ஃபோன் செட்டிங்ஸ்ல வேற ஈக்யூ ஏதாவது ஆன்ல இருந்தா டெஸ்ட் டோனும் அது வழியா போக வாய்ப்பிருக்கு.

தூரத்து_இடி

வேற ஈக்யூ இல்ல ப்ரோ. "ஸ்ஸ்" இருக்கு! நீங்க சொன்னப்புறம்தான் கவனிச்சேன், ஆனா டெஸ்ட்ல எதைக் கேட்டுத் தொட்டேன்னு இப்போ சத்தியம் பண்ண முடியல.

செவிவழிச்செய்தி

20, 25 ஏறினதா எடுத்துக்காதீங்க. சவுண்ட் ப்ரூஃப் அறையில நானே எடுத்தாலும் ஒரே ஆளுக்கு 5 டெசிபெல் அங்க இங்க ஆடும், காரணம் நாங்களும் கேட்டா 10 குறைச்சு, கேக்கலன்னா 5 ஏத்தித்தான் தேடறோம், படியே 5. கம்பைலர் சொன்ன இரைச்சல் வேற இருக்கு, அதனால ஒத்த நம்பரைப் பிடிச்சுத் தொங்காதீங்க.

ஆனா ரெண்டு தடவையும் வலதுல 4000தான் மோசமா வந்திருக்கு, 8000ல திரும்ப சரியாகுது. சத்தத்தால காது பாதிச்சா இப்படி 3000லருந்து 6000க்குள்ள ஒரு பள்ளம் விழுந்து 8000ல மீளும், அதனால நான் முழுசாத் தள்ளிடவும் மாட்டேன். இன்னொரு பக்கம், 8000ல பட்ஸ் எவ்ளோ ஆழம் போயிருக்குங்கறதைப் பொறுத்தே காதுக்குழாய்ல சத்தம் ஏறும் இறங்கும், அந்த மீளல் நிஜமா பட்ஸோட வேலையான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. ஆப் 3000, 6000 எடுக்கவே இல்ல, அது இருந்தா பள்ளத்தோட வடிவம் தெரியும்.

சத்தமான இடத்துல வேலையா? வலது பக்கம் ஏதாவது மெஷின், இல்ல ஹெட்செட் ஒரே காதுல போட்டுக்கற பழக்கம்?

தூரத்து_இடி

மெஷின் இல்ல. கால் எல்லாம் ஒரே பட்ஸ்லதான், வலதுல. ஆனா வால்யூம் பாதிக்கு மேல போறதில்ல.

பேஸ்_பாண்டி

பாதி வால்யூம்ல ஒண்ணும் ஆகாது அக்கா, அவரைப் பயமுறுத்தாதீங்க. வலது பட்ஸோட ஸ்பீக்கர்லயே 4000ல ஒரு பள்ளம் இருக்கும், மலிவு பட்ஸ்ல ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்றதே அதிசயம்.

செவிவழிச்செய்தி

இருக்கலாம் பாண்டி, அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. பட்ஸை இடம் மாத்தி மாட்ட முடியாது, உக்காராது. ஒரு வயர்டு ஓவர்-இயர் ஹெட்போனை எடுங்க, எந்த இயர்போனையும் ஏத்துக்கற ஒரு டெஸ்ட் ஆப்ல 4000 மட்டும் பாருங்க. அதோட டெசிபெல்லை நம்பாதீங்க, ரெண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கோங்க. அப்புறம் ஹெட்போனைத் திருப்பி மாட்டி, வால்யூமைத் தொடாம, திரும்ப எடுங்க. ஆப் இடதுன்னு சொல்றது இப்போ உங்க வலது காது, குழம்பிடாதீங்க. ரெண்டு தடவையும் வலது காதே 10 மோசமா வந்தா அது காது, கிளினிக் போங்க. பள்ளம் ஹெட்போனோட சேந்து இடம் மாறினா ஹெட்போன். ரெண்டு தடவையும் வித்தியாசமே வரலன்னா பாண்டிக்கு முழு மார்க்.

தூரத்து_இடி

வயர்டு ஹெட்போன் தங்கச்சிகிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வர்றேன். நம்பர் போடறேன்.

பேஸ்_பாண்டி

ஞாயிறு நைட்டு நான் ஆன்லைன்லதான் இருப்பேன், போடுங்க.